சந்தைக் கடைக்கு வந்த தாம்பூலத் தட்டு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அந்தக் காலத்தில் போட்ட நாலைந்து கடிதங்களும்தான். ஒற்றெழுத்து விட்டுப்போகும். நடந்ததில் சிலது மறந்தும் போயிருக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு வராது என்பதால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

புதுக்கோட்டையில் மருமகளோடு இருக்கிறேன். மகன் துபாயில். மருமகளும், கல்லூரியில் அவளோடு படித்த தோழி ஒருத்தியும் சேர்ந்து நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு சந்தை நடத்துகிறார்கள். வீட்டில் செய்த பொருள்களை விற்கிறவர்களுக்கான சந்தை. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு வாடகைக்குப் பிடித்து நாற்பது மேசை போடுவார்கள். சோப்பு, மண் நகை, துணிப் பை, ஊறுகாய், முறுக்கு என்று வரும். எனக்கு அதில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மேசை விரிப்புகளைத் துவைத்து மடித்து வைப்பேன்.

கடை போட விரும்புகிறவர்களுக்கு முன்னாடியே அழைப்பு விட வேண்டும். போனில் ஒரு படம் போட்டு, அதற்குக் கீழே விவரமெல்லாம் எழுதுவார்கள். அதைக் கேப்ஷன் என்கிறார்கள். இந்தத் தடவை அதை எழுதியபோது இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிக்கு வரி சண்டை போட்டார்கள். காரணம் இருந்தது. போன சந்தையில் மருமகளின் சித்தி சொல்லி ஒருத்திக்கு இடம் கொடுத்தார்கள். அவள் ஈரோட்டில் மொத்தமாக வாங்கிய நைட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டாள். கையால் தைத்துக்கொண்டு வந்திருந்த இரண்டு பேர் மண்டபத்து வாசலிலேயே நின்று, அமைப்பாளர் வீட்டுச் சொந்தம் என்றால் சட்டம் வேறா என்று கேட்டுவிட்டார்கள். மருமகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதனால் இந்தத் தடவை விதிகள் கடுமையாக இருக்க வேண்டும் என்று தோழி பிடிவாதமாக இருந்தாள். எழுதி முடித்ததும் மருமகள் எனக்கு வாசித்துக் காட்டி, கேட்டால் புரிகிறதா என்று கேட்டாள். அவளுக்கு என்னிடம் கேட்கிற பழக்கம் உண்டு. எனக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்பது அவள் கணக்கு. விதிகள் முதலிலும், நாளும் கட்டணமும் கடைசியிலும் இருந்தன. ஜனங்கள் எவ்வளவு ரூபாய் என்றுதானே முதலில் பார்ப்பார்கள், அதை மேலே போட்டால் என்ன என்றேன். இரண்டு பேரும் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று மாற்றினார்கள். என் பேச்சை எடுத்துக்கொண்டார்கள் என்று அன்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

எங்கள் வீட்டுக்குப் புதன்கிழமை தோறும் மீமிசலிலிருந்து ஒரு அம்மாள் கருவாடு கொண்டுவருவாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். விடியற்காலை பஸ் ஏறி, அறந்தாங்கி வந்து மாறி, பத்து மணிக்கெல்லாம் எங்கள் தெருவில் கூடையை இறக்கிவிடுவாள். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவாள். கருவாட்டோடு, சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாட்டை வீட்டில் அரைத்த பொடியும் இறால் ஊறுகாயும் பாட்டிலில் போட்டுக் கொண்டுவர ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நல்ல கைப்பக்குவம். உணவுப் பொருள் விற்பதற்கு வேண்டிய பதிவு எண்கூட அலைந்து திரிந்து வாங்கி வைத்திருந்தாள். தெருத் தெருவாகக் கூடை தூக்கி முழங்கால் போய்விட்டது ஆத்தா, நாலு பேர் வந்து வாங்குகிற இடமாக ஒரு மேசை கிடைத்தால் பொடியை வைத்தே பிழைத்துக்கொள்வேன் என்று பல தடவை சொல்லியிருக்கிறாள்.

கேப்ஷன் போன நாலாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் அவள் வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, அது அவளுக்கும் தெரியும். கையில் கூடை இல்லை. தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். மருமகள் மண்டபத்துக்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்புப் பழம், மஞ்சள், ஒரு முழம் பூ எல்லாம் வைத்தாள். அதற்கு மேல் ரூபாய் நோட்டுகளை வைத்து, ஒரு ரூபாய்க் காசு ஒன்றையும் வைத்தாள்.

எங்கள் மகளிர் குழுவில் வந்தது ஆத்தா, உங்கள் வீட்டுச் சந்தைதானாமே என்று போனை எடுத்துக் காட்டினாள். படம் இருந்தது. கீழே சாப்பாட்டுப் பொருள் மேசைக்கு இரண்டு நாளுக்கு இரண்டாயிரத்து ஐநூறு, இன்ன சனி ஞாயிறு, இன்ன மண்டபம், காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை என்று இருந்தது. அதோடு ‘மேலும் படிக்க’ என்று நீல எழுத்தில் நின்றது.

"இடத்த உறுதி பண்ணத்தான் நல்ல நாளாப் பாத்து வந்தேன். வாங்கிக்கங்க ஆத்தா" என்று தட்டை நீட்டினாள்.

எங்கள் பக்கத்தில் மேளக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதானாலும், சமையல்காரரைப் பேசுவதானாலும், மண்டபம் பிடிப்பதானாலும் வெற்றிலை பாக்கில் வைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் அந்தத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அவள் அந்த முறைப்படிதான் செய்தாள்.

தேர்வு ஆவதற்கு முன்னால் யாரும் பணம் கட்டக் கூடாது என்று அந்தக் கேப்ஷனில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். என் காதால் கேட்டேன். அதைச் சொல்ல வாயைத் திறக்கத்தான் செய்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில், பூ வைத்துக்கொண்டு வந்த ஒருத்தி, மஞ்சளும் வெற்றிலையும் வைத்து நீட்டுகிற தட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கை தானாக நீண்டுவிட்டது. வாங்கிவிட்டேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். நாளைக்கே பாட்டில் வாங்க ஆள் அனுப்புகிறேன், இருநூறு பாட்டில் போட்டுவிடலாம், கூடை சுமக்க வேண்டாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். தட்டைச் சாமி மாடத்தில் வைத்தேன். மருமகள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சொல்லவில்லை. அன்றைக்கு மண்டபத்துக்காரர் கரண்டுக்குத் தனியாகக் கேட்கிறார் என்று அவள் சிடுசிடுவென்று வந்தாள். மறுநாள் தோழியும் கூட இருந்தாள். என் சுபாவம் அது, ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன், நேரம் போய்விடும். வெற்றிலை வாடியது. மருமகள் சாமி மாடத்தைப் பார்த்திருப்பாள், யாரோ கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று எண்ணியிருப்பாள். நோட்டுகளை மட்டும் எடுத்து என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். சேலை எடுக்கப் போனால் அந்த அடிச் சேலையைத் தொடாமலே எடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு விண்ணப்பம் முடிகிறது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து, வந்த விண்ணப்பங்களை வகை வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகைக்கு மூன்று கடைக்கு மேல் கிடையாது என்பது விதி. நகைக்குப் பதினொரு பேர் போட்டிருந்தார்கள். கருவாடு, மீன் ஊறுகாய், பொடி என்கிற வகைக்கு மூன்று பேர். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு நகராமல் நின்றேன். மீமிசலிலிருந்து ஒன்று வந்திருக்கிறதா என்று கேட்டேன். மருமகள் போனில் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இல்லையே, ஏன் அத்தை என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் விண்ணப்பமே போடவில்லை. தட்டைக் கொடுத்ததே விண்ணப்பம் என்று இருந்துவிட்டாள். இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. அது போனால் அங்கே அரைத்து வைத்திருக்கிற பொடியோடு அவள் சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து நிற்பாள், அவள் பெயரில் மேசை இருக்காது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிரங்குப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தோழிதான் முதலில் பேசினாள். அவள் கோபப்படவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, போன தடவ நடந்தது ஒங்களுக்கும் தெரியும்ல. தேர்வுக்கு முன்னாடி பணம் குடுத்தாலோ, சிபாரிசு புடிச்சாலோ பரிசீலிக்க மாட்டோம்னு நாங்களே எழுதியிருக்கோம். இது அமைப்பாளர் வீட்டுலயே, சாமி மாடத்துலயே வச்ச பணம். வெளியில தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

மருமகள் மெதுவாக, அப்படியென்றால் அந்த அம்மாளை விலக்கிவிட வேண்டியதுதான், வேறு வழி இல்லை என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. அந்த விதி அவள் கண்ணில் படவே இல்லை, ‘மேலும் படிக்க’ என்பதற்குக் கீழே இருந்தது, கட்டணத்தை மேலே போடச் சொன்னதும் நான்தான், தட்டை வாங்கியதும் நான்தான், வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் ஏன் என்று கேட்டிருப்பாள், விதியைச் சொல்லியிருக்கலாம், தப்பு பண்ணியது ஒரு ஆள், தண்டனை இன்னொரு ஆளுக்கா என்று கேட்டேன். இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது.

தோழி, அழைப்பு போட்ட மற்ற குழுக்களையும் போனில் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்த வரி உள்ளே மடிந்துதான் இருந்தது. கடைசியில் அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். பணம் இந்த நிமிஷமே திரும்பிப் போக வேண்டும். எட்டு மணிக்குள் கருவாட்டு அம்மாள் எல்லாரையும் போலத் தானே விண்ணப்பம் போட வேண்டும். அந்த வகைக்கு மருமகள் தேர்வில் உட்காரக் கூடாது, தோழி மட்டும், பெயரை மறைத்துவைத்துப் படத்தையும் விவரத்தையும் பார்த்து எடுப்பாள். எட்டு மணி ஒரு நிமிஷம் ஆனாலும் கிடையாது.

"அந்த ஒத்த ரூபாயையும் சேத்து அனுப்பு" என்றாள் தோழி, மருமகளிடம். இரண்டாயிரத்து ஐநூற்று ஒன்று. மருமகள் போனிலேயே அவளுக்கு அனுப்பினாள்.

கருவாட்டு அம்மாளிடம் நான்தான் பேச வேண்டும் என்றார்கள். என்னிடம் இருக்கிற சின்னப் போனில் அவள் நம்பர் உண்டு. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்தரைக்கு, ஐந்தே முக்காலுக்கு, ஆறுக்கு. கடற்கரைப் பக்கம் போயிருந்தால் போன் வீட்டில் கிடக்கும். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஆறே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

நான் எடுத்ததும் அவள் ஹலோ சொல்லவில்லை. "பணம் திரும்பி வந்திருக்கு" என்றாள்.

நான் ஏதோ உளறினேன். விதி, விண்ணப்பம், எட்டு மணி என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் இடைமறித்தாள்.

"ஆத்தா, தட்ட வாங்கி சாமிக்கிட்ட வச்சீங்கள்ல? வச்ச தட்ட யாராச்சும் திருப்புவாங்களா? கடக்கரக்காரி தட்டுன்னா திருப்பிரலாம், அப்புடித்தான?"

அப்படி ஒரு எண்ணம் எங்கள் யாருக்கும் கிடையாது. ஆனால் அவள் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நிச்சயம் பண்ணின தட்டைத் திருப்பி அனுப்பினால் பெண் வீட்டாருக்கு எப்படி இருக்குமோ அப்படி. போனை வைத்துவிடுவாளோ என்று பயந்து, வைத்துவிடாதே தாயி, வைத்துவிடாதே என்று மட்டும் சொன்னேன். பிறகு மருமகளின் போனை இன்னொரு கையில் வாங்கி, அந்தக் கேப்ஷனைத் திறந்து வைக்கச் சொன்னேன். நான் படிக்கிறேன், கேள், கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல் என்றேன்.

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். கண்ணாடி போட்டும் அந்தச் சின்ன எழுத்து ஆடியது. எதிரே தோழி உட்கார்ந்திருந்தாள், எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் படித்தேன். சொந்தமாகத் தயாரித்த பொருள்களுக்கு மட்டுமே இடம், வாங்கி விற்பதற்கு இல்லை. உணவுப் பொருளுக்குப் பதிவு எண் கட்டாயம். பொருளின் படம் இரண்டு, தயாரிக்கும் இடத்தின் படம் ஒன்று அனுப்ப வேண்டும். ஒரு வகைக்கு மூன்று கடைகள். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது இல்லை. தேர்வானவர் பட்டியல் திங்கள் மாலை ஆறு மணிக்கு வெளிவரும். தேர்வானவர்கள் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கட்டணம் செலுத்த வேண்டும், தவறினால் இடம் காத்திருப்பவருக்குப் போகும். செலுத்திய பின் கட்டணம் திருப்பித் தரப்படாது. ஒரு கடையை இருவர் பகிரக் கூடாது. தேர்வுக்கு முன் யாரும், யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம், கொடுத்தாலும் சிபாரிசு செய்தாலும் பரிசீலிக்கப்படமாட்டாது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் கீழே உள்ள எண்ணில் கூப்பிட்டால் சொல்லித் தரப்படும்.

படித்து முடித்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. போய்விட்டாளோ என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"இருக்கேன்" என்றாள். "இம்புட்டும் எனக்கு வரவே இல்லையே" என்றாள்.

வந்திருக்கிறது, நீல எழுத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். கீழே உள்ள எண்ணில் கூப்பிடு, அதை எடுப்பது தோழி, என்னோடோ மருமகளோடோ பேசாதே என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிஷம் போனது. பதினைந்து நிமிஷம் போனது. தோழியின் போன் அடித்தது. தோழி எழுந்து வாசல் பக்கம் போய்ப் பேசினாள். மற்றவர்களுக்குச் சொல்வது போலவே ஒவ்வொரு கட்டமாகச் சொன்னாள், ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. பதிவு எண் பதினாலு இலக்கம், அதில் ஒன்று விட்டுப்போய் அந்த அம்மாள் திரும்பப் போட்டாள். படம் எடுக்க வெளிச்சம் இல்லை. ஏழே முக்காலுக்குப் படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம் சிக்னல் அப்படி. தோழி போனைப் பிடித்தபடி ஒன்றும் செய்ய முடியாமல் நின்றாள். மருமகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு ஐம்பத்தாறுக்கு வந்து சேர்ந்தது.

அந்த வகைக்கு இப்போது நாலு பேர். இடம் மூன்று. தோழி அன்றைக்கே பெயரை மறைத்து நாலு பேருடைய படத்தையும் பார்த்தாள் என்று பிற்பாடு சொன்னாள். மற்ற மூன்று பேருடைய படமும் பளிச்சென்று இருந்ததாம். அதில் ஒன்றில் பாட்டிலின் பின்பக்கம் லேசாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் வேறொரு ஊர்க் கம்பெனியின் முகவரி. கூப்பிட்டுக் கேட்டதற்கு, அங்கிருந்து வாங்கித்தான் விற்கிறோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மங்கலாக இருந்த படத்தில் மிக்ஸியும், முறத்தில் பாதி ஆய்ந்த சென்னாக்குன்னியும், பக்கத்தில் சேலைத் தலைப்பும் தெரிந்ததாம். திங்கள்கிழமை ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. அவள் பெயர் அதில் இருந்தது.

எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. ஆனால் அது அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. திங்கள் இரவு பணம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க வரவில்லை. முப்பத்தேழு பேர் கட்டிவிட்டார்கள், அவள் கட்டவில்லை. அந்த வகையில் காத்திருப்பவர் யாரும் இல்லை, இடத்தை இன்னும் மூன்று கடை நிறையாத வேறு வகைக்குக் கொடுத்துவிடலாம் என்று தோழி சொன்னாள். கூப்பிட்டு நினைவுபடுத்தலாமா என்று மருமகளைக் கேட்டேன். மற்ற யாரையாவது நினைவுபடுத்தினோமா அத்தை என்று திருப்பிக் கேட்டாள். கேள்வி நியாயம்தான். நான் போனைத் தொடவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு அவள் வழக்கம்போலக் கூடையோடு வந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முடிகிறது. எப்போதும் நடை ஏறி வந்து உட்காருகிறவள் அன்றைக்கு கேட்டுக்கு வெளியிலேயே கூடையை இறக்கினாள். மருமகள் வீட்டில் இல்லை. நெத்திலி எவ்வளவு என்று கேட்டேன், சொன்னாள். நிறுத்தாள். சில்லறை கொடுத்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைக்கப் போனாள்.

பணம் கட்டவில்லையே தாயி என்றேன்.

"கட்டுறதா இல்ல ஆத்தா. திருப்பிவிட்ட எடத்துக்குத் திரும்ப வந்து நிக்கிறதுக்கு எனக்கு ஒடம்பு கூசுது. பாட்டிலு போட்டது போட்டதுதான், தெருவுல வித்துக்கிறேன்."

அப்போது சொல்லாவிட்டால் நான் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. எனக்குத் தெருவில் நின்று பேசிப் பழக்கம் கிடையாது.

"நீ தட்ட நீட்டுனப்பவே எனக்கு அந்த விதி தெரியும். எனக்கு முதல்லயே படிச்சுக் காட்டுனாங்க. தெரிஞ்சுதான் வாங்குனேன். ஒன் மொகத்தப் பாத்து வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. கடக்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கோழத்தனம்."

அவள் கூடையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"தெரிஞ்சேவா வாங்குனீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே இங்கனயே ஒக்காந்து அந்தப் பாரத்த நெரப்பிட்டுப் போயிருப்பேன்ல. மூணு நாளு எனக்கு ஒறக்கம் இல்ல ஆத்தா. என்னமோ நாம தொட்டது தீட்டாப் போச்சுபோலன்னு."

அவள் கண் கலங்கவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தக் கோபம் இப்போது என் மேல் மட்டும்தான் இருந்தது, அதை நான் தாங்கிக்கொள்ளலாம். எனக்காக அவள் மேசையை விடக் கூடாது, என் மேல் கோபம் இருந்தால் அங்கே வந்து என்னோடு பேசாமல் இரு என்று சொன்னேன்.

அதற்கு அவள் கொஞ்சம் சிரித்தாள். பேசாமல் இருந்தால் உங்களுக்குச் சௌகரியமாகத்தானே இருக்கும், நீங்கள் என்றைக்குப் பேசினீர்கள் என்றாள்.

கூடையை இறக்கிவைத்துவிட்டு நடையில் வந்து உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். தேர்வானவர்களுக்கு வந்த செய்தியில் பணம் கட்டுகிற விவரம் இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தாள். சந்தேகம் வந்த இடத்தில் என்னைக் கேட்க நிமிர்ந்தாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். இதில் நான் எதுவும் செய்யக் கூடாது, தோழிக்குப் போன் போட்டுக் கேள் என்றேன். போட்டுக் கேட்டாள். ரகசிய எண் போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"திரும்பிக்கிற அளவுக்கு என்ன இருக்கு? இருந்ததே அம்புட்டுத்தான்" என்றாள்.

பதினொன்றேகாலுக்குப் பணம் போய்விட்டது என்று அவள் போனில் பச்சையாக வந்தது. தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, அடுத்த தெருவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் அவளுக்குக் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசை விழுந்தது. சீட்டுக் குலுக்கித்தான் மேசை கொடுத்தார்கள், யாரும் குறை சொல்ல முடியாது. விரிப்பு போடப் போனபோது பார்த்தேன். பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய அட்டையில், சொந்தமாக அரைத்தது என்று கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். என்னைப் பார்த்து விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். மறு முனையை நான் பிடித்து இழுத்துவிட்டேன். அதற்குள் ஒரு ஆள் வந்து ஊறுகாய் விலை கேட்டார், அவள் அங்கிட்டுத் திரும்பிவிட்டாள்.

இதில் கட்டணம் இரண்டாயிரத்து ஐநூறுதானா, கரண்டுக்குத் தனியாக உண்டா, நாற்பத்தெட்டு மணி நேரம் என்று நான் எழுதியது சரியா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. ஏழு ஐம்பத்தாறா, ஐம்பத்தேழா என்பதும் சந்தேகம்தான். மருமகளோ அவள் தோழியோ யாராவது ஒருத்தர் இதை அந்தக் கேப்ஷனோடு பக்கத்தில் வைத்து, கடைசி வரி வரைக்கும் விரித்துப் படித்து, தப்பு இருந்தால் திருத்திவிடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.